புரதத்தை எத்தனை வேளையாகப் பிரிப்பது?

“ஒரே வேளையில் 30 கிராமுக்கு மேல் புரதம் சாப்பிட்டால் மீதியெல்லாம் வீண்.” ஜிம்முக்குப் போகிறவர்கள் எல்லோரும் எப்போதாவது கேட்டிருக்கும் வாக்கியம் இது. இதை நம்பி, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை டப்பாவைத் திறந்து அவித்த முட்டை சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். காலை உணவையே விட்டுவிட்டு, மதியமும் இரவும் மட்டும் சாப்பிட்டு எடை குறைப்பவர்களும் இருக்கிறார்கள். எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரைந்துவிடக் கூடாது என்ற கவலை இரு தரப்புக்கும் உண்டு. யார் செய்வது சரி?

30 கிராம் கணக்கு வெறும் ஜிம் வதந்தி இல்லை. அதற்கு ஆய்வுக்கூடத்தில் ஒரு வேர் இருக்கிறது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், கால்வெஸ்டன் நகரின் மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். ஆரோக்கியமான 8 பேருக்கு நாளுக்குச் சுமார் 90 கிராம் புரதம் கொடுத்தார்கள். ஒரு வாரம் அதை மூன்று வேளைக்கும் சமமாக, வேளைக்கு ஏறக்குறைய 30 கிராம் என்று பிரித்தார்கள். இன்னொரு வாரம் காலையில் 10, மதியம் 15, மீதி முழுக்க இரவில். தொடையிலிருந்து ஊசியால் துளித் தசையை எடுத்துப் பார்த்தபோது, சமமாகச் சாப்பிட்ட வாரத்தில் 24 மணி நேரத் தசைப் புரத உற்பத்தி 25 சதவீதம் அதிகமாக இருந்தது.

இதற்கான விளக்கமும் நியாயமாகவே இருந்தது. புரதம் செரித்து அமினோ அமிலங்களாக ரத்தத்தில் கலக்கும்போது, அவற்றில் லியூசின் என்ற ஒன்று ஓர் அளவைத் தாண்டினால் தசை புதிய புரதம் கட்டத் தொடங்குகிறது. இளைஞர்களுக்கு இதற்கு ஒரு வேளையில் கிட்டத்தட்ட 20 கிராம் நல்ல புரதம் போதும். வயதானவர்களின் தசை அவ்வளவு எளிதில் அசைந்து கொடுக்காது. அவர்களுக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். தூண்டப்பட்ட தசை இரண்டு மூன்று மணி நேரம் வேலை செய்துவிட்டு, ரத்தத்தில் அமினோ அமிலம் மிச்சமிருந்தாலும் ஓய்ந்துவிடும். ஆகவே ஒரு நாளில் மூன்று நான்கு முறை தட்டி எழுப்பினால் லாபம் என்று கணக்குப் போட்டார்கள்.

ஆனால் அந்த ஒரு வாரத்தில் யாரும் எடை குறைக்கவில்லை, தசையின் அளவும் அளக்கப்படவில்லை. அளந்தது உற்பத்தியின் வேகத்தை மட்டும். தசையில் கட்டுவதும் இடிப்பதும் எந்நேரமும் சேர்ந்தே நடக்கின்றன. கட்டும் வேகத்தைச் சில மணி நேரம் பார்த்துவிட்டு, நான்கு மாதம் கழித்து எவ்வளவு தசை மிஞ்சும் என்று சொல்லிவிட முடியாது.

அந்த நான்கு மாதச் சோதனையும் நடந்தது. இண்டியானா மாநிலத்தின் பர்டியூ பல்கலைக்கழகக் குழு 2017-ல் வெளியிட்ட ஆய்வு அது. கால்வெஸ்டன் ஆய்வை நடத்திய டக்ளஸ் பேடன்-ஜோன்ஸும் இதில் ஓர் ஆசிரியர் என்பது கவனிக்க வேண்டிய விஷயம். தன் கருத்தைத் தானே நீண்ட தேர்வுக்கு உட்படுத்தினார் என்று சொல்லலாம். உடல் எடை கூடுதலாக இருந்த 41 ஆண்களும் பெண்களும் 16 வாரம் தேவையைவிட நாளுக்கு 750 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். வாரம் மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சியும் செய்தார்கள். எல்லோருக்கும் நாளுக்கு 90 கிராம் புரதம். ஒரு பிரிவுக்கு 30, 30, 30 என்று; மற்றொரு பிரிவுக்கு 10, 20, 60 என்று.

முடிவில் சராசரியாக ஏறக்குறைய 8 கிலோ குறைந்திருந்தது. அதில் ஏழு பங்கு கொழுப்பு, ஒரு கிலோ மட்டும் கொழுப்பல்லாத எடை. இரண்டு பிரிவுக்கும் இடையே வித்தியாசம் இல்லை. பிரித்துச் சாப்பிட்டவரும் இரவில் மொத்தமாகச் சாப்பிட்டவரும் ஒரே அளவு தசையைக் காப்பாற்றியிருந்தார்கள்.

இது எப்படி? ஒரு பதில் 2023-ல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரிலிருந்து வந்தது. பயிற்சி முடித்த இளைஞர்களுக்கு ஒரே தடவையில் 25 கிராம் பால் புரதமும், வேறு சிலருக்கு 100 கிராமும் கொடுத்து, சில மணி நேரத்தோடு நிறுத்தாமல் 12 மணி நேரம் தொடர்ந்து அளந்தார்கள். 100 கிராம் வீணாகவில்லை. அது மெதுவாகச் செரித்து, மெதுவாக ரத்தத்துக்கு வந்து, தசையை நெடுநேரம் வேலை வாங்கியது. முந்தைய ஆய்வுகள் கடிகாரத்தைச் சீக்கிரம் நிறுத்தியதால் இது தெரியாமல் போயிருந்தது. சிறுகுடல் மறு அறிவிப்பு வரும்வரை கதவை மூடி வைப்பதில்லை.

வேளை எண்ணிக்கையின் கதை இதைவிடக் கொஞ்சம் சிக்கலானது. 1996-ல் ஜப்பானில் 12 குத்துச்சண்டை வீரர்கள் இரண்டு வாரம் நாளுக்கு வெறும் 1,200 கலோரியில் இருந்தார்கள். பாதிப் பேருக்கு அது இரண்டு வேளையாக, மற்றவர்களுக்கு ஆறு வேளையாக. குறைந்த எடை ஒன்றுதான். ஆனால் இரண்டு வேளைக்காரர்களின் கொழுப்பல்லாத எடை அதிகம் போயிருந்தது. “அடிக்கடி சாப்பிடு” என்ற அறிவுரைக்கு இது பல வருடம் ஆதாரமாக நின்றது. 2015-ல் பிராட் ஷோன்ஃபெல்ட் குழு வேளை எண்ணிக்கை பற்றிய ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டபோது, அதிக வேளைகளுக்கு ஒரு சிறு நன்மை தெரிந்தது. ஆனால் ஒரே ஒரு ஆய்வை நீக்கியதும் அந்த நன்மை காணாமல் போயிற்று.

ஆனாலும் வேளையைக் குறைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை உண்டு. கலிஃபோர்னியாவில் 2020-ல் வெளியான ஆய்வு ஒன்றில், மதியம் 12 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இடையில் மட்டும் சாப்பிடச் சொன்னார்கள். என்ன சாப்பிடுவது, எவ்வளவு புரதம், என்ன பயிற்சி என்று எதுவும் சொல்லவில்லை. 12 வாரத்தில் கொஞ்சம்தான் எடை குறைந்தது. அந்தக் கொஞ்சத்திலும் பாதிக்கு மேல் கொழுப்பல்லாத எடை. அதற்கு நான்கு வருடம் முன்பு இத்தாலியில் எடைப் பயிற்சி செய்யும் 34 ஆண்களில் பாதிப் பேர் அதே எட்டு மணி நேரத்துக்குள் மூன்று வேளை சாப்பிட்டு, நிறைய புரதம் எடுத்து, பயிற்சியையும் விடாமல் செய்தபோது கொழுப்பு குறைந்தது, தசை அப்படியே இருந்தது. அவர்கள் கடுமையான டயட்டில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் கடிகாரத்தைவிடத் தட்டும் பயிற்சியும்தான் முடிவு செய்கின்றன என்று இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறவருக்குத் தோன்றும்.

தட்டில் எவ்வளவு இருந்தால் போதும்? கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2016-ல் 40 இளைஞர்கள் கலோரியை 40 சதவீதம் குறைத்து நான்கு வாரம் கடும் பயிற்சி செய்தார்கள். கிலோ எடைக்கு 1.2 கிராம் புரதம் சாப்பிட்டவர்களின் தசை குறையாமல் நின்றது, 2.4 கிராம் சாப்பிட்டவர்களுக்குக் கொஞ்சம் கூடியே விட்டது. நம் நாட்டில் ஐ.சி.எம்.ஆர். சாதாரண ஆளுக்குப் பரிந்துரைப்பது 0.83 கிராம். எடை குறைப்பவருக்கு அது போதாது என்பதுதான் இந்தத் துறையின் பொதுக் கருத்து, 1.2-லிருந்து 1.6 வரை என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி நம் சமையலறைக்கு வருவோம். 75 கிலோ எடையுள்ள ஒருவர் நாளுக்கு 100 கிராம் புரதம் வேண்டும் என்று முடிவெடுக்கிறார் என்று கொள்வோம். காலையில் நாலு இட்லி, சாம்பார், காபி: எல்லாம் சேர்ந்து 14 கிராம். மதியம் இரண்டு கப் சோறு, சாம்பார், பொரியல், தயிர்: 18. இரவு மூன்று சப்பாத்தி, குருமா: 13. சாயங்கால டீயையும் சேர்த்தால் 48-ஐத் தாண்டாது. டயட் என்று சொல்லி இவர் இட்லியை இரண்டாகவும் சோற்றைப் பாதியாகவும் ஆக்கி, இரவைச் சாலடோடு முடித்துக்கொண்டால் 30-க்குப் பக்கம் வந்துவிடும். அதை மூன்றாகப் பிரித்தாலும் ஆறாகப் பிரித்தாலும் தசைக்கு ஒன்றும் ஆகப் போவதில்லை. தமிழ்நாட்டுத் தட்டில் பிரச்சினை பெரும்பாலும் பங்கீட்டில் இல்லை, மொத்தத்தில் இருக்கிறது.

அவரே இப்படி மாற்றுகிறார்: காலையில் இரண்டு இட்லி, சாம்பாரோடு மூன்று முட்டை, காபி. 29 கிராம். மதியம் ஒரு கப் சோறு, சாம்பார், 100 கிராம் மீன், ஒரு கிண்ணம் தயிர். 32. சாயங்காலம் ஒரு கைப்பிடி கொண்டைக்கடலை சுண்டல், 8. இரவு இரண்டு சப்பாத்தியோடு 100 கிராம் கோழி, 28. மொத்தம் 97. சைவம் என்றால் காலையில் பருப்பு தாராளமாகப் போட்டு அரைத்த அடையும் ஒரு டம்ளர் பாலும் 20-ஐத் தொடும். 30 கிராம் உலர்ந்த மீல்மேக்கர் மட்டுமே 15 தரும். பனீரும் உதவும், ஆனால் 100 கிராமில் கிட்டத்தட்ட 280 கலோரி இருப்பதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. சம பங்கீட்டை யாரும் வலிந்து செய்யவில்லை. 100 கிராமை எட்ட முயன்றதில் அது தானாக வந்துவிட்டது. 60 கிராம் புரதத்தை ஒரே இரவில் முடிக்க வேண்டுமென்றால் கால் கிலோவுக்கு மேல் கோழி தேவை. மாட்டிறைச்சித் துண்டு தின்னும் அமெரிக்கருக்கு அது சாதாரணம், நம்மில் பலருக்கு வயிறு இடம் கொடுக்காது. சமமாகப் பிரிப்பதற்கு வலுவான காரணம் தசையில் இருப்பதைவிடப் பசியில்தான் இருக்கிறது. 60 வயதைத் தாண்டியவர்கள் மட்டும் ஒவ்வொரு வேளையும் 30 கிராமாவது இருக்கும்படி பார்த்துக்கொள்வது நல்லது. அவர்களுக்குக் காலை இட்லி மட்டும் என்பது உண்மையிலேயே வீணாகும் வேளை.

தசை போகிறதா என்பதை எடை பார்க்கும் இயந்திரம் சொல்லாது. ஜிம்மில் கைப்பிடி பிடித்து நிற்கும் கருவி உடலின் நீரைப் பொறுத்து நாளுக்கு நாள் வேறு எண் காட்டும். டெக்ஸா ஸ்கேன் அதைவிட நம்பகமானது. அதுவும் நீரைக் கொழுப்பல்லாத எடையில்தான் சேர்க்கிறது, ஆகவே டயட்டின் முதல் வாரத்தில் எடுத்தால் பயப்படுத்தும். வீட்டில் செய்யக்கூடியது இரண்டு: வாரம் ஒருமுறை இடுப்பளவை நாடாவால் அளப்பது, ஒவ்வொரு பயிற்சியிலும் தூக்கிய எடையையும் எண்ணிக்கையையும் நோட்டில் எழுதுவது. இடுப்பு குறைந்து, தூக்கும் எடை நிலையாக இருந்தால் தசை இருக்கிறது. ஒரு மாதமாக எடையும் குறைந்து தூக்கும் திறனும் தொடர்ந்து இறங்கினால், வேளையை எண்ணுவதற்கு முன் நாளின் மொத்தப் புரதத்தைக் கூட்டிப் பாருங்கள். அடுத்து கலோரியை எவ்வளவு வெட்டினோம் என்று பாருங்கள்.

சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ நெடுநாளாக இருப்பவர்கள், புரதத்தைக் கூட்டும் முன் கிரியாட்டினின் பரிசோதனை செய்து மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு இந்த 100 கிராம் கணக்கு பொருந்தாது.