கூரைக்குப் போகும் பாலம்

கேரி தீவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனைதான். செம்பனைப் பழம் எலிகளுக்குப் பிடித்த உணவு. மரமேறும் எலிக்கு, கூரையைத் தொடும் மாங்கிளை ஒரு பாலம். எலியின் வாடையைப் பிடித்துக்கொண்டு பாம்பும் அதே வழியில் வரலாம்.

கிளையை எவ்வளவு வெட்டுவது? எலி ஏறக்குறைய 1.2 மீட்டர் தூரம் தாவும். வெயிலில் பார்க்கும்போது கிளைக்கும் கூரைக்கும் 1.5 மீட்டர் இடைவெளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மழையில் நனைந்த இலைகள் கனத்து, கிளை 40 சென்டிமீட்டர் கூரைப் பக்கம் சாய்ந்தால் மிஞ்சுவது 1.1 மீட்டர். எலி தாவிவிடும்! ஆகவே மழை விட்டதும் அளந்து, 2 மீட்டராவது இடைவெளி விடுங்கள். கிளை மீண்டும் வளரும். சில மாதங்களுக்கு ஒருமுறை பாருங்கள்.

சுவரில் படரும் கொடியைக் கூரைக்குக் கீழேயே நிறுத்த வேண்டும்.

கம்பியிலும் எலி நடக்கும். வால் அதன் சமநிலையைக் காக்கும். கம்பி வீட்டைத் தொடும் இடத்தில் கறுப்பாக எண்ணெய்க் கறை தெரிந்தால், அது எலியின் உடல் உரசிய தடம். மின்கம்பியையோ அதை ஒட்டிய கிளையையோ தொடாதீர்கள். பெரியவர்களிடம் சொல்லி, தெனாகா நேஷனலுக்குத் தெரிவியுங்கள்.

குரங்குக்கு 2 மீட்டர் பெரிய தூரமல்ல. அதற்குக் குப்பைத்தொட்டியை இறுக மூடுவதே வழி.

கூரைக்குள் ஏற்கனவே எலி இருந்தால், முதலில் பொறி வைத்துப் பிடியுங்கள். அதன் பிறகே ஓட்டைகளை அடையுங்கள். இல்லாவிட்டால் உள்ளே செத்து நாறும்.