திருப்பிச் செருகினால் 290 எங்கே போகிறது?

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரின் முகப்பில், ஒரு மூலையில், சிறு ஓட்டைகள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். பக்கத்தில் hFE என்று அச்சிட்டிருப்பார்கள். மீட்டர் வைத்திருப்பவர்களில் பலர் அதைப் பயன்படுத்தியதே இல்லை. கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் BC547 டிரான்சிஸ்டர் ஒன்றை எடுத்து, அதன் எமிட்டர், பேஸ், கலெக்டர் ஆகிய மூன்று கால்களையும் NPN பக்கத்தில் உரிய இடங்களில் செருகினால் திரையில் ஓர் எண் தோன்றும். 290 என்று வைத்துக்கொள்வோம். இப்போது பேஸை அதே இடத்தில் விட்டு, எமிட்டரையும் கலெக்டரையும் மட்டும் இடம் மாற்றிச் செருகினால் எண் தடாலென்று விழும். பத்தை ஒட்டியோ அதற்கும் கீழேயோ நிற்கும்.

பாடப்புத்தகப் படத்தைப் பார்த்தவருக்கு இது விந்தையாகத்தான் இருக்கும். N, P, N என்று மூன்று கட்டங்கள் வரிசையாக வரையப்பட்டிருக்கும். இடமிருந்து பார்த்தாலும் வலமிருந்து பார்த்தாலும் படம் ஒன்றுதான். பிறகு ஏன் ஒரு பக்கம் 290, மறுபக்கம் 10? படம் காட்டாத மூன்று விஷயங்களில் இருக்கிறது விடை: எமிட்டர் எவ்வளவு சுத்தமாக எலக்ட்ரான்களைச் செலுத்துகிறது, பேஸ் அவற்றில் எத்தனையைப் பத்திரமாகக் கடத்துகிறது, எந்த அடுக்கில் எவ்வளவு மாசு கலந்திருக்கிறது.

முதலில் 290 என்பதன் பொருள். பேஸ் கால் வழியாக 1 மைக்ரோஆம்பியர் கொடுத்தால் கலெக்டர் வழியாக 290 மைக்ரோஆம்பியர் பாய்கிறது. சின்னக் குழாயைத் திருகினால் பெரிய குழாயில் தண்ணீர் வருவது போல என்று இதை விளக்குவார்கள். அந்த உவமை எண்ணைச் சொல்லாது. உள்ளே நடப்பதைப் பார்த்தால் பேஸ் மின்னோட்டம் என்பது வேறொன்றுமில்லை, நஷ்டக் கணக்கு. எமிட்டரிலிருந்து கலெக்டருக்குப் போகும் பயணத்தில் என்னென்ன வீணாகிறதோ, அதை ஈடுகட்டத்தான் பேஸ் கால் மின்னோட்டம் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. நஷ்டம் குறையக் குறையப் பெருக்கம் கூடும்.

முதல் நஷ்டம் எல்லையிலேயே நடக்கிறது. எமிட்டருக்கும் பேஸுக்கும் நடுவே ஒரு மின்னழுத்தத் தடுப்பு உண்டு. சுமார் 0.65 வோல்ட் கொடுத்தால் அந்தத் தடுப்பு தாழ்கிறது. எமிட்டரின் எலக்ட்ரான்கள் பேஸுக்குள் தாவுகின்றன. ஆனால் தடுப்பு ஒரு பக்கத்துக்கு மட்டும் தாழ்வதில்லை. பேஸில் துளைகள் இருக்கின்றன. எலக்ட்ரான் இருக்க வேண்டிய இடம் காலியாகி, நேர் மின்னூட்டம் போல நகரும் வெற்றிடங்கள் அவை. அதே திறப்பின் வழியே அவை எதிர்த்திசையில் எமிட்டருக்குள் போய்விடுகின்றன. எலக்ட்ரான்கள் போனால் கலெக்டருக்குப் பயன். துளைகள் போனால் யாருக்கும் பயனில்லை. போன துளைகளை பேஸ் கால் நிரப்பியாக வேண்டும். எல்லையைக் கடக்கும் மொத்த மின்னோட்டத்தில் எலக்ட்ரான்களின் பங்கு எவ்வளவோ, அதுவே எமிட்டரின் செலுத்தல் திறன்.

அந்தப் பங்கைக் கூட்டுவதற்கு மாசு உதவுகிறது. சிலிக்கானில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 5×10²² அணுக்கள் உண்டு. ஒரு மாதிரி டிரான்சிஸ்டரின் எமிட்டரில் 5,000 சிலிக்கான் அணுக்களுக்கு ஒன்று என்ற கணக்கில் பாஸ்பரஸ் கலந்திருப்பதாகவும், பேஸில் 5 லட்சத்துக்கு ஒன்று என்று போரான் கலந்திருப்பதாகவும் கொள்வோம். விகிதம் 100. தடுப்பு இரு பக்கத்துக்கும் ஒன்றேதான் என்பதால், தாவத் தயாராக நிற்கும் கூட்டம் எந்தப் பக்கம் பெரிதோ அந்தப் பக்கத்திலிருந்துதான் அதிகம் தாவும். போதாததற்கு, பேஸில் எலக்ட்ரான் பரவும் வேகம், கனமாக மாசூட்டிய எமிட்டரில் துளை பரவும் வேகத்தைப் போல் ஏறக்குறைய 10 மடங்கு. இரண்டு அடுக்கும் ஒரே தடிமன், ஒரு மைக்ரான், என்றால் 100×10, அதாவது 1,000 எலக்ட்ரான்கள் தாவும்போது ஒரு துளை மட்டும் எதிர்த்திசையில் போகும். ஒரு லட்சம் எலக்ட்ரான்களுக்கு 100 துளைகள். முதல் நஷ்டம் இவ்வளவுதான்.

இரண்டாவது நஷ்டம் பயணத்தில். பேஸுக்குள் வந்த எலக்ட்ரானைச் சுற்றிலும் துளைகள். ஏதாவது ஒன்றோடு சேர்ந்துவிட்டால் இரண்டும் கணக்கிலிருந்து போய்விடும். ஓர் எலக்ட்ரான் அப்படிச் சேராமல் சராசரியாக ஒரு மைக்ரோ விநாடி தாக்குப்பிடிக்கும் என்று வைப்போம். ஒரு மைக்ரான் பேஸைக் கடக்க அதற்கு ஆகும் நேரம் கால் நானோ விநாடி. ஆயுளில் நாலாயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே ஒரு லட்சத்தில் 25 எலக்ட்ரான்கள்தான் வழியில் தொலையும். மீதி 99,975 கலெக்டரை அடையும். இந்த 0.99975 என்பதுதான் பேஸின் கடத்தல் காரணி.

இங்கே தடிமன்தான் எல்லாம். எலக்ட்ரான் நேர்கோட்டில் ஓடுவதில்லை. சந்தைக் கூட்டத்தில் வழி தவறியவன் போல முட்டி மோதித்தான் பரவுகிறது. அதனால் பேஸின் தடிமன் இரட்டித்தால் கடக்கும் நேரம் நான்கு மடங்காகும். 20 மைக்ரானாக்கினால் 400 மடங்காகி, ஒரு லட்சத்துக்கு 10,000 தொலையும். பெருக்கம் பத்துக்கும் கீழே போய்விடும். இரண்டு டயோடுகளை முதுகோடு முதுகாகச் சேர்த்தால் N, P, N வரிசை கிடைத்தாலும் டிரான்சிஸ்டர் கிடைக்காததற்கும் இதுதான் காரணம். நடுவில் இருக்கும் கம்பியைத் தாண்டி எந்த எலக்ட்ரானும் உயிரோடு வந்து சேர முடியாது.

இப்போது கூட்டிப் பார்க்கலாம். எல்லையில் 100, வழியில் 25, மொத்த நஷ்டம் 125. ஒரு லட்சத்தை 125-ஆல் வகுத்தால் 800. செலுத்தல் திறனையும் கடத்தல் காரணியையும் பெருக்கினால் வருவது α; அதிலிருந்து பெருக்கம் இப்படி:

β = α / (1 − α)

இந்தச் சிறு சூத்திரத்துக்குள் ஒரு பொறி இருக்கிறது. α 0.990 என்றால் β 99. α 0.995 என்றால் β 199. அரை சதவீத வித்தியாசம் பெருக்கத்தை இரட்டிப்பாக்கிவிடுகிறது. நஷ்டம் அவ்வளவு சிறியது என்பதால், தயாரிப்பில் வரும் நுண்ணிய ஏற்ற இறக்கம்கூட எண்ணை ஆட்டிவைக்கும். BC547-ஐத் தரம் பிரித்து, பெருக்கம் 110 முதல் 220 வரை இருந்தால் A, 200 முதல் 450 வரை B, 420 முதல் 800 வரை C என்று விற்பது இதனால்தான். அனுபவமுள்ள வடிவமைப்பாளர் மீட்டர் காட்டும் 290-ஐ நம்பி சர்க்யூட் போடமாட்டார். குறைந்தபட்ச எண்ணிலும் வேலை செய்யும்படி போடுவார்.

திருப்பிச் செருகியபோது நடந்தது இனி விளங்கும். கலெக்டரில் மாசு மிகக் குறைவு. ஒரு கோடி அணுக்களுக்கு ஒன்று என்ற அளவில் இருக்கலாம். அதை எமிட்டர் வேலைக்கு நிறுத்தினால், எதிரே இருக்கும் பேஸில் 20 மடங்கு அதிக மாசு. விகிதம் தலைகீழ். எலக்ட்ரான்கள் தாவுவதோடு துளைகளும் தாராளமாகத் திரும்பி ஓடுகின்றன. அது போதாதென்று, கலெக்டர் பரந்தது, எமிட்டர் சிறியது. பரந்த இடத்திலிருந்து கிளம்பிய எலக்ட்ரான்களில் பல, எதிர்ப்பக்கம் இருக்கும் சின்ன இலக்கைத் தவறவிடுகின்றன.

கலெக்டரில் மாசைக் குறைத்தது கவனக்குறைவா? இல்லை, அதற்கு வேறொரு பொறுப்பு இருக்கிறது. BC547-இன் தகவல் தாளில் கலெக்டர்-எமிட்டர் தாங்கும் அழுத்தம் 45 வோல்ட் என்றும், எமிட்டர்-பேஸ் சந்தி எதிர்த்திசையில் தாங்குவது 6 வோல்ட் என்றும் இருக்கும். மாசு குறைந்த பக்கம் அதிக வோல்ட்டேஜ் தாங்கும், மாசு மிகுந்த பக்கம் சீக்கிரம் முறியும். டிரான்சிஸ்டரைப் பிளந்து பார்க்காமலே மாசு விகிதத்தை ஊகிக்க இந்த இரண்டு எண்கள் போதும். திருப்பிச் செருகும் சோதனையைச் சொந்த சர்க்யூட்டில் செய்பவர்கள் அந்த 6 வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்பதும் இதனால்தான்.

அப்படியானால் எமிட்டரில் மாசை இன்னும் கொட்டிக்கொண்டே போகலாமே? அதில்தான் சிக்கல். 5,000-க்கு ஒன்று என்ற நெருக்கத்தில் மாசு அணுக்கள் ஒன்றையொன்று பாதிக்கத் தொடங்கி, சிலிக்கானின் ஆற்றல் இடைவெளியையே சுருக்கிவிடுகின்றன. எமிட்டரின் இடைவெளி 60 மில்லி எலக்ட்ரான் வோல்ட் சுருங்கினால், உள்ளே வரும் துளைகளுக்கு அவ்வளவு தடுப்பு தள்ளுபடி. அறை வெப்பநிலையில் இது பத்து மடங்குச் சலுகை. மேலே போட்ட கணக்கில் 100 துளைகள் 1,000 ஆகும். மொத்த நஷ்டம் 1,025. 800 என்று வந்த பெருக்கம் 97-க்கு இறங்கிவிடும். விகிதம் 100 என்று காகிதத்தில் எழுதியிருந்தாலும், டிரான்சிஸ்டர் 10 என்றுதான் நடந்துகொள்ளும்.

இதையும் மீட்டரிலேயே பார்க்கலாம். சாக்கெட்டில் இருக்கும் டிரான்சிஸ்டரின் கருப்பு உடலை மட்டும், கால்களைத் தொடாமல், இரு விரலால் பிடித்துக்கொண்டால் 290 மெல்ல ஏறும். சூடு கூடும்போது 60 மில்லி எலக்ட்ரான் வோல்ட் என்ற தள்ளுபடியின் மதிப்பு குறைகிறது, துளைகளின் சலுகை சுருங்குகிறது, பெருக்கம் கூடுகிறது.

மற்றொரு வழி பேஸை மெலிதாக்குவது. பாப் விட்லர் 1969-இல் வடிவமைத்த LM108 என்ற ஆப்-ஆம்ப் சிப்பின் நுழைவாயிலில், பேஸை மிக மெலிதாக்கி, பெருக்கம் ஆயிரக்கணக்கில் போகும் டிரான்சிஸ்டர்கள் இருந்தன. ஆனால் அவை சில வோல்ட்டுக்கு மேல் தாங்காது. கலெக்டர் பக்கத்து மின்புலம் பேஸைத் தின்றுகொண்டே வந்து எமிட்டரைத் தொட்டுவிடும். அதனால் மற்ற டிரான்சிஸ்டர்களைக் காவலாக நிறுத்தித்தான் அவற்றைப் பயன்படுத்த வேண்டியிருந்தது.

மாசு விகிதத்தின் பிடியிலிருந்து விடுபடும் வழியை 1957-இல் ஹெர்பர்ட் குரோமர் விளக்கி எழுதினார். எமிட்டருக்கு ஒரு பொருள், பேஸுக்கு வேறு பொருள். எமிட்டரின் ஆற்றல் இடைவெளி பேஸினுடையதைவிட அகலமாக இருந்தால், துளைகளுக்கு மட்டும் தனியாக ஒரு சுவர் எழும்பிவிடும். கனமான மாசு சலுகை கொடுத்தது போய், இங்கே பொருளே அபராதம் போடுகிறது. இத்தகைய அமைப்புகளை உருவாக்கியதற்காக ஜோரஸ் அல்ஃபெரோவுடன் குரோமருக்கு 2000-ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. கைபேசியிலிருந்து கோபுரத்துக்கு அலை அனுப்பும் பவர் ஆம்ப்ளிஃபையர்களில் இன்று இவ்வகை கேலியம் ஆர்சனைடு டிரான்சிஸ்டர்கள் பரவலாக உள்ளன. அவற்றில் பேஸில்தான் மாசு அதிகம், எமிட்டரைப் போல் பத்து மடங்குக்கும் மேல். அப்படியிருந்தும் அவற்றின் பெருக்கம் 100-ஐ ஒட்டி நிற்கிறது.