வருகைப்பதிவு குறைந்தால்: கடிதத்தில் தேதிகள் பேசட்டும்

செமஸ்டர் முடியும் வாரத்தில் துறை அறிவிப்புப் பலகையில் ஒரு பட்டியல் ஒட்டப்படும். வருகைப்பதிவு குறைந்தவர்களின் பட்டியல். ஊர் சுற்றியவர்களோடு, மருத்துவமனையில் படுத்துக் கிடந்தவரின் பதிவு எண்ணும் அதில் இருக்கும். இருவரையும் பிரித்துக் காட்டப்போவது, மாணவர் கொடுக்கும் கடிதமும் அதோடு இணைத்த சான்றுகளும்தான். மாணவர்கள் இதைச் சுருக்கமாக ‘கண்டோனேஷன் லெட்டர்’ என்கிறார்கள்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளுக்கான விதி தெளிவானது. தேர்வெழுத ஒட்டுமொத்த வருகை 75 சதவீதம் வேண்டும். நீண்ட மருத்துவமனை வாசம், விபத்து, குறிப்பிட்ட நோய் ஆகியவற்றால் 65 முதல் 74 சதவீதத்துக்குள் இறங்கியவர், கல்லூரி முதல்வர் சான்றொப்பமிட்ட மருத்துவச் சான்றிதழோடு அனுமதி பெறலாம். 65-க்குக் கீழே போனால் அந்தத் தேர்வு கிடையாது. விடுபட்ட செமஸ்டரை அடுத்த கல்வியாண்டில் திரும்பப் படிக்க வேண்டும். மற்ற பல்கலைக்கழகங்களில் எல்லைகளும் கட்டணமும் மாறும் என்பதால், அவரவர் விதிநூலைப் பார்த்துவிட்டு எழுத உட்காருவது நல்லது.

ஓர் உதாரணம். குடல்வால் வெடித்து, செப்டம்பர் 2 அன்று அவசர அறுவை சிகிச்சைக்குச் சேர்க்கப்பட்ட மூன்றாம் ஆண்டு மாணவி என்று வைத்துக்கொள்வோம். 10-ஆம் தேதி டிஸ்சார்ஜ். 27 வரை ஓய்வெடுக்கச் சொல்கிறார் மருத்துவர். இதில் 20 வேலை நாட்கள் போய்விட்டன. அதற்கு முன்பு அக்காவின் திருமணத்துக்காக 4 நாள் விடுப்பு எடுத்திருந்தார். செமஸ்டரின் மொத்த வேலை நாட்கள் 90. அவர் வந்தவை 66. கணக்குப் போட்டால் 73 சதவீதம்.

இந்த நிலையில் பலர் எழுதும் கடிதம், “உடல்நிலை சரியில்லாத காரணத்தால் கல்லூரிக்கு வர இயலவில்லை, தயவுகூர்ந்து தேர்வெழுத அனுமதிக்க வேண்டுகிறேன்” என்று இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. எந்த நாட்கள், என்ன நோய், எங்கே சிகிச்சை என்ற கேள்விகளுக்கு அதில் பதில் இல்லை. கையெழுத்திட வேண்டிய முதல்வர் எதை நம்பிக் கையெழுத்திடுவார்?

அந்த மாணவியின் கடிதம் இப்படி இருக்கலாம்:

“ஐயா, குடல்வால் அறுவை சிகிச்சைக்காக செப்டம்பர் 2 முதல் 10 வரை மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்தேன். மருத்துவர் அறிவுரைப்படி 27 வரை ஓய்வில் இருந்தேன். இதனால் 20 வேலை நாட்கள் வர இயலவில்லை. சொந்தக் காரணத்துக்காக வேறு 4 நாட்கள் விடுப்பு எடுத்துள்ளேன். 90 நாட்களில் 66 நாட்கள் வந்துள்ளதால் என் வருகை 73 சதவீதம். சிகிச்சைக் காலம் நீங்கலாக உள்ள 70 நாட்களில் 66 நாட்கள் வந்துள்ளேன். மருத்துவக் காரணத்தை ஏற்று, இந்தச் செமஸ்டர் தேர்வெழுத அனுமதிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.”

கடைசிக்கு முந்தைய வரியைக் கவனியுங்கள். 70-க்கு 66 என்றால் 94 சதவீதம். நோய் வராதிருந்தால் இவர் ஒழுங்காக வந்திருப்பார் என்பதை அந்த ஒரு கணக்கு சொல்லிவிடுகிறது. திருமண விடுப்பை மறைக்காததும் முக்கியம். வருகைப் பதிவேடு துறைத்தலைவர் கையில்தான் இருக்கிறது. 24 நாட்களையும் நோயின் தலையில் போட்டால் சான்றிதழின் தேதிகளோடு ஒத்துப்போகாது, உண்மையான 20 நாட்களும் சந்தேகத்துக்குள்ளாகும்.

இணைக்க வேண்டியவை மூன்று. சேர்ந்த தேதியும் வெளியேறிய தேதியும் உள்நோயாளி எண்ணும் உள்ள டிஸ்சார்ஜ் சம்மரி முதலாவது. ஓய்வுக் காலத்தைக் குறிப்பிட்டு, மருத்துவரின் கையொப்பமும் பதிவு எண்ணும் முத்திரையும் கொண்ட மருத்துவச் சான்றிதழ் இரண்டாவது. பலர் இதைத்தான் தவறவிடுகிறார்கள்: டிஸ்சார்ஜ் தாளில் 10-ஆம் தேதியோடு கதை முடிந்துவிடும், அதற்குப் பின் வீட்டில் இருந்த நாட்களுக்கு ஆதாரமே இருக்காது. மூன்றாவது, திரும்பி வகுப்புக்கு வரலாம் என்று சொல்லும் உடற்தகுதிச் சான்றிதழ்.

காலமும் பேசும். மருத்துவமனையில் சேர்த்த ஓரிரு நாளிலேயே பெற்றோர் வகுப்பு ஆலோசகருக்கு எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். திரும்பிய அன்றே சான்றிதழ்களைக் கொடுத்துவிட வேண்டும். ஹால் டிக்கெட் தரும் வாரத்தில் புதிதாக வாங்கிவந்த சான்றிதழை எந்த அலுவலகமும் சந்தேகத்தோடுதான் பார்க்கும். விண்ணப்பக் கடிதம் வகுப்பு ஆலோசகர், துறைத்தலைவர் வழியாக முதல்வருக்குப் போகட்டும். தவறிய உள்மதிப்பீட்டுத் தேர்வுகளுக்குத் தனியாக ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். வருகைக்கான அனுமதி அந்த மதிப்பெண்களைத் திருப்பித் தராது.

இதே மாணவி இன்னும் 8 நாட்கள் படுக்கையில் இருந்திருந்தால் வருகை 64 சதவீதமாகியிருக்கும்; எவ்வளவு நல்ல கடிதமும் அங்கே உதவாது. சிகிச்சை நீளும் என்று மருத்துவர் சொல்லும்போதே, படிப்பைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் அனுமதிக்கு முதல்வர் வழியாக விண்ணப்பியுங்கள். தேர்வுக்குப் பதிவு செய்யும் கடைசி நாளுக்குள் அது போய்ச் சேர வேண்டும்.