மாலைக் கோப்பையில் மதுவுக்கு மாற்று

ஹந்தானை மலைச்சரிவில் வெயில் தாழ்ந்து பனி இறங்கும் வேளையில், நாள் முழுதும் மலையேறி இறங்கிய உடல் சூடான எதையேனும் நாடுகின்றது. தோட்டத்து லயன்களில் பலருக்கு அந்த நேரம் சாராயத்துக்கும் கசிப்புக்கும் உரியதாகிவிட்டது. கண்டி நகரின் விடுதிகளிலும் மாலை என்றால் மதுக் கோப்பை என்ற பழக்கம் உண்டு. குடியை நிறுத்தும்படி அறிவுரை கூறுவோர் பலர். அந்த வெற்றுக் கோப்பையில் எதை நிரப்புவது என்பதைச் சொல்வோர் சிலரே.

மாற்றுப் பானங்கள் பெரும்பாலும் தோற்பதற்குக் காரணம் அவற்றின் இனிப்பாகும். 200 மில்லிலீற்றர் அளவுள்ள சாதாரண மென்பானத்தில் சுமார் 20 கிராம் சீனி இருக்கும். அது இரண்டு மிடறில் தொண்டையைக் கடந்துவிடும். கோப்பை வெறுமையாகும், மனம் நிறையாது. மதுவோ மெல்ல மெல்ல அருந்தப்படுவது. அதனை மெதுவாக்குவது அதன் எரிவு. சூட்டினால் வரும் வலியை உணரும் நரம்பு வாயில்கள் நம் வாயில் உள்ளன. அவை வழக்கமாக 42 பாகை செல்சியஸ் அளவிலேயே விழித்தெழும். மதுசாரம் அந்த எல்லையை 34 பாகையளவுக்குத் தாழ்த்திவிடுவதால், நமது உடற்சூடே எரிவாக உணரப்படுகின்றது. இஞ்சியின் உறைப்பும் மிளகின் காரமும் இதே வாயில்களையே தட்டுகின்றன. ஆகவே, மதுவற்ற பானத்துக்கு எரிவைத் தரக்கூடியவை நமது அடுப்பங்கரையிலேயே இருக்கின்றன.

எரிவுக்கு அடுத்தது துவர்ப்பு. நாவை உலர்த்தி, அடுத்த மிடறைச் சற்றே தாமதிக்கச் செய்வது அதுவே. 1925 இல் கட்டப்பட்ட ஹந்தானைத் தேயிலைத் தொழிற்சாலை இன்று தேயிலை அருங்காட்சியகமாக விளங்கும் இம்மண்ணில், துவர்ப்புக்கு வேறெங்கும் அலைய வேண்டியதில்லை.

நால்வருக்கான ஒரு பானத்தைப் பார்ப்போம். தோல் நீக்கித் தட்டிய இஞ்சி 40 கிராம், இடித்த மிளகு எட்டு ஆகியவற்றை 600 மில்லிலீற்றர் நீரில் பத்து நிமிடம் சிறு தீயில் கொதிக்க விட வேண்டும். அடுப்பிலிருந்து இறக்கிய பின் இரண்டு தேக்கரண்டி தேயிலைத்தூளை இட்டு, நான்கு நிமிடத்தில் வடித்துவிட வேண்டும். அதற்கு மேல் ஊறினால் துவர்ப்பு கசப்பாக மாறும். வடித்ததில் கித்துள் கருப்பட்டி 30 கிராமும் ஒரு சிட்டிகை உப்பும் கரைத்து ஆறவிட வேண்டும். பருகும் வேளையில் கோப்பைக்கு அரை எலுமிச்சைச் சாறு பிழிந்து, சிறிதளவு சோடா சேர்க்கலாம். எலுமிச்சையைக் கொதிக்கவிட்டால் அதன் மணம் பறந்துவிடும். குளிரூட்டிய தேநீர் கலங்கலாகத் தெரிந்தால் அது கெட்டுவிட்டதாகக் கருத வேண்டியதில்லை. தேயிலையின் துவர்ப்புப் பொருளும் கஃபீனும் குளிரில் ஒன்றுசேர்வதால் ஏற்படும் கலங்கலே அது.

பானம் சரியாக அமைந்ததா என்பதை அறியக் கடிகாரமே போதும். ஒரு கோப்பை இருபது நிமிடம் நின்றால் நன்று. ஐந்து நிமிடத்தில் முடிந்து அடுத்ததைக் கேட்கத் தோன்றினால், கருப்பட்டியைக் குறைத்து இஞ்சியைக் கூட்டுக. இரவில் உறக்கம் கெடுமாயின், தேயிலைக்குப் பதிலாக ஆவாரம்பூவை அவித்துச் சேர்க்கலாம்.

கோப்பைக்கு வெளியிலும் ஒரு பங்கு உண்டு. குறித்த நேரம், குறித்த இடம், கூட இருப்போர், கொறிக்கச் சிறிது கடலை ஆகிய இவையும் பழக்கத்தின் உறுப்புகளே. நோன்பு திறக்கும் வேளையை அறிந்த நமது முஸ்லிம் வாசகர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. பேரீச்சம்பழமும் கஞ்சியும் அந்தக் கணத்தில் தரும் நிறைவில், பசிக்கும் சுவைக்கும் மட்டுமல்ல, காத்திருப்புக்கும் கூடியிருப்புக்கும் பங்குண்டு. மதுவை விடுபவரும் பழைய நேரத்தைக் காலியாக விடாது, அதே நேரத்தில் புதிய கோப்பையுடன் வீட்டாரோடு அமர்வதே பயனளிக்கும்.

இங்கு இரண்டு எச்சரிக்கைகள் அவசியமாகின்றன. மதுவற்றது எனப் பெயரிட்டு விற்கப்படும் பியர்கள் சிலவற்றில் 0.5 சதவீதம் வரை மதுசாரம் இருக்கக்கூடும். ஈஸ்ற் இட்டுப் புளிக்கவைத்த இஞ்சிப் பானத்திலும் மதுசாரம் உருவாகும். கித்துள் பதநீர் சில மணி நேரத்திலேயே கள்ளாக மாறத் தொடங்கும். எனவே, மார்க்கக் கட்டுப்பாடு உடையவர்கள் போத்தலின் விபரத்தைப் படித்து வாங்குவதும், வீட்டில் செய்ததை அன்றன்றே அருந்துவதும் உகந்தது. மதுவை விட்டவருக்கு, பியரின் மணமும் போத்தலின் தோற்றமுமே பழைய வேட்கையைக் கிளறிவிடலாம் என்பதையும் மறத்தலாகாது.

மற்றையது, காலையிலேயே குடிக்காவிடில் கை நடுங்குமளவுக்கு அடிமைப்பட்டவர் பற்றியது. அத்தகையோர் திடீரென நிறுத்தினால், ஓரிரு நாட்களில் வலிப்பும் மனக்குழப்பமும் ஏற்பட்டு உயிராபத்து நேரலாம். அவர்களுக்கு இஞ்சித் தேநீர் மருந்தாகாது. வைத்தியரின் மேற்பார்வையிலேயே அவர்கள் மதுவை நிறுத்த வேண்டும். கை நடுங்காத ஏனையோர் இன்று மாலையே அடுப்பில் நீர் வைக்கலாம்.