முதுகில் பரு வடுவா? மூன்று மாதம் முன்பே வாருங்கள்!

"டாக்டர், கல்யாணத்துக்குப் பத்து நாள்தான் இருக்கு. ஜாக்கெட் முதுகு இறக்கமா தைச்சாச்சு. போட்டோவுல பரு வடு தெரியாம பண்ணிடுங்க!" என்று அம்மாவும் பெண்ணும் வந்து நிற்பார்கள். பத்து நாளில் நடக்காதுங்க. பரு ஆறிய இடத்துக் கருமை மங்கவே குறைந்தது இரண்டு, மூன்று மாதம் பிடிக்கும்.

அப்படி முன்கூட்டியே வந்த ஒரு பெண், தினமும் இரவு தலை நிறைய எண்ணெய் வைத்து, பின்னலை முதுகில் போட்டபடி தூங்குவாள். பரு வந்தால் எலுமிச்சைச் சாறு தடவி, பீர்க்கங்காய் நாரால் தேய்ப்பாள். எண்ணெய் தோல் துவாரங்களை அடைத்தது. தேய்த்ததில் கருமை கூடியது.

இரண்டையும் நிறுத்தச் சொன்னேன். எண்ணெய் வாரம் ஒரு நாள், குளிப்பதற்கு முன் மட்டும். தலையை அலசியபிறகு, கடைசியில் முதுகைக் கழுவ வேண்டும். பாசிப்பயறு மாவு நான்கு பங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர்ப் பொடி தலா ஒரு பங்கு, கஸ்தூரி மஞ்சள் கால் பங்கு. இவற்றைச் சலித்து, தண்ணீரில் குழைத்துப் பூசி, காய்வதற்குள் கழுவி வந்தாள். (நீங்கள் முதலில் முழங்கை மடிப்பில் தடவி, ஒரு நாள் பாருங்கள்.) வெயிலில் போகும்போது முதுகை மூடிக்கொண்டாள்.

ஒரு மாதத்தில் புதுப் பரு குறைந்தது. மூன்றாம் மாதம் புள்ளிகள் மங்கின. இரண்டு பள்ளத் தழும்பு மட்டும் அப்படியே நின்றது. அது பூச்சுக்கு மறையாது. போட்டோகிராபர்தான் டச்சப்பில் சரிசெய்தார். பக்கவாட்டு வெளிச்சம் பள்ளத்தைப் பெரிதாகக் காட்டும் என்பதால், முதுகுக்கு நேராக மென்மையான வெளிச்சம் வைக்கச் சொல்லுங்கள்.

வலிக்கும் கட்டி, சீழ் இருந்தால் மாவு வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள். கடைசி வாரத்தில் புதிதாக எதையும் பூசிப் பார்க்காதீர்கள்!