கையெழுத்துப் போடுவதற்கு முன்

ஆராய்ச்சி நெறிமுறை பற்றிய பாடம் பெரும்பாலும் நூரம்பர்க்கில் தொடங்கும். நாஜி மருத்துவர்கள் மீதான வழக்கின் தீர்ப்போடு 1947-ல் வந்த பத்து விதிகள், பிறகு 1964-ன் ஹெல்சிங்கி பிரகடனம், அதன் திருத்தங்கள் என்று அத்தியாயம் நீண்டுகொண்டே போகும். தேர்வு எழுதும் மாணவருக்கு அதெல்லாம் வேண்டும். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு படிவத்தை நீட்டி, “இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா” என்று கேட்கப்படுகிறவருக்கு அவ்வளவும் வேண்டாம். நடந்த இரண்டு சம்பவங்களும், மூன்று கொள்கைகளும், சில கேள்விகளும் போதும்.

முதல் சம்பவம் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், மேக்கன் கவுண்டியில் 1932-ல் தொடங்கியது. அரசின் பொதுச் சுகாதாரத் துறை டஸ்கிகீ என்ற ஊரை மையமாக வைத்து சுமார் 600 கறுப்பின ஆண்களைச் சேர்த்தது. பெரும்பாலோர் நிலமில்லாத ஏழைக் குத்தகை விவசாயிகள். அவர்களில் 399 பேருக்கு சிபிலிஸ் என்னும் மேகநோய் இருந்தது. அதை அவர்களிடம் சொல்லவில்லை. ‘கெட்ட ரத்தம்’ இருக்கிறது என்றார்கள். சிகிச்சை தராமல் விட்டால் அந்த நோய் உடலை என்ன செய்யும் என்று சாகும்வரை பார்த்துக்கொண்டிருப்பதுதான் ஆராய்ச்சியின் நோக்கம். இறந்தபின் உடலை அறுத்துப் பார்க்க வேண்டியிருந்ததால், அதற்குச் சம்மதித்தால் ஈமச்செலவுக்குப் பணம் தருவதாகச் சொன்னார்கள். அடக்கச் செலவுக்கே வழியில்லாத குடும்பங்களுக்கு அது சின்ன விஷயமில்லை.

அந்த ஆண்களுக்கு அனுப்பிய கடிதம் ஒன்று ஆவணங்களில் இருக்கிறது. விசேஷ இலவச சிகிச்சைக்கு இதுவே கடைசி வாய்ப்பு, நர்ஸை வந்து பாருங்கள் என்கிறது கடிதம். போனவர்களுக்கு நடந்தது சிகிச்சையே இல்லை. முதுகுத்தண்டில் ஊசி குத்தி, நோய் நரம்பு மண்டலத்துக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க நீர் எடுத்தார்கள். 1940-களின் பிற்பகுதியில் பெனிசிலின் சிபிலிஸுக்கு வழக்கமான மருந்தாகிவிட்டது. இவர்களுக்கு மட்டும் கொடுக்கவில்லை. பீட்டர் பக்ஸ்டன் என்ற ஊழியர் 1966-லேயே மேலதிகாரிகளிடம் எதிர்ப்புத் தெரிவித்தும் பயனில்லை. அவர் வழியாக விஷயம் பத்திரிகைக்குப் போய், 1972 ஜூலையில் செய்தி வெளியான பிறகுதான் ஆய்வு நின்றது. அதற்குள் நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டன.

இதில் யாரையும் கட்டி இழுத்து வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லாரும் தாங்களாகவே நடந்து வந்தார்கள், ஊசிக்கு முதுகைக் காட்டினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் முழுச் சம்மதம். தாங்கள் வந்தது சிகிச்சைக்கு என்று நம்பி வந்தார்கள், அவ்வளவுதான்.

இந்த அவமானத்தைத் தொடர்ந்து அமெரிக்கா 1974-ல் சட்டம் இயற்றி ஒரு ஆணையம் அமைத்தது. அது 1979-ல் வெளியிட்ட பெல்மாண்ட் அறிக்கைதான் மூன்று கொள்கைகளை வகுத்தது. மனிதரை மதிப்பது முதலாவது: உண்மையைச் சொல்லி, முடிவை அவரிடமே விடுவது. அந்தக் கடிதம் இங்கேயே தோற்றது. நன்மையைக் கூட்டி, தீங்கைக் குறைப்பது இரண்டாவது: பெனிசிலின் வந்த அன்றே ஆய்வை நிறுத்தியிருக்க வேண்டும். மூன்றாவது நீதி. ஆய்வின் சுமையை யார் தலையில் வைக்கிறோம், பலன் யாருக்குப் போகிறது என்ற கேள்வி அது. சிபிலிஸ் எல்லா இனத்தாருக்கும் வரும் நோய். ஏழைக் கறுப்பர்களை மட்டும் எடுத்ததற்குக் காரணம் அவர்கள் கேள்வி கேட்க முடியாத இடத்தில் இருந்தார்கள் என்பதே.

முதல் கொள்கைதான் ஒப்புதல் படிவமாக நம் கைக்கு வருகிறது. மற்ற இரண்டையும் நோயாளி வருவதற்கு முன்பே நெறிமுறைக் குழு பார்த்து முடித்திருக்க வேண்டும். முழு விவரமும் சொல்லிக் கையெழுத்து வாங்கியிருந்தாலும் டஸ்கிகீ ஆய்வு சரியாகியிருக்காது.

இரண்டாவது சம்பவம் நம் பக்கத்தில் நடந்தது. 2009-ல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு, கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசியை ஓர் ஆய்வுத் திட்டமாகப் போட்டார்கள். பாத் என்ற அமெரிக்க அமைப்பும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இதில் இருந்தன. ஏழு சிறுமிகள் இறந்த செய்தி வந்து, 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. பாம்புக்கடி, நீரில் மூழ்கியது போன்ற காரணங்களைச் சொன்ன விசாரணை, சாவுகளைத் தடுப்பூசியோடு தொடர்புபடுத்தவில்லை. தடுப்பூசியும் நல்ல தடுப்பூசிதான், உலகமெங்கும் போடுகிறார்கள்.

ஆனால் படிவங்களைப் புரட்டியபோது வேறு கதை தெரிந்தது. ஆந்திராவில் பார்த்த 9,543 படிவங்களில் 1,948-ல் கைநாட்டு. 2,763-ல் கையெழுத்திட்டவர்கள் விடுதிக் காப்பாளர்கள். பிள்ளையைப் படிக்க விடுதியில் விட்டதால் அதன் உடம்பைப் பற்றி முடிவெடுக்கும் உரிமையையும் பெற்றோர் காப்பாளரிடம் கொடுத்துவிட்டதாக ஆகாது. கைநாட்டு தன்னளவில் குற்றமில்லை. படிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முன்னிலையில் முழுவதையும் வாசித்துக் காட்டி, அந்தச் சாட்சியும் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. சாட்சி கையெழுத்து இல்லாத கைநாட்டைப் பார்த்தால் சந்தேகப்படலாம்.

இனி, படிவம் கையில் வந்தால் என்ன கேட்பது? முதல் கேள்வி: இது என் சிகிச்சையா, ஆராய்ச்சியா? டாக்டர் கேட்கிறார் என்றால் நம் நல்லதுக்குத்தான் என்று நினைப்பது நம் வழக்கம். ஆராய்ச்சியில் எந்த மருந்து உங்களுக்கு என்பதைப் பல நேரம் கணினி குலுக்கிப் போட்டு முடிவு செய்யும். வெற்று மாத்திரையும் வரலாம். அதனால் அடுத்த கேள்வி, சேராவிட்டால் எனக்கு வழக்கமான சிகிச்சை என்ன கிடைக்கும் என்பது. இந்த இரண்டுக்கும் தெளிவான பதில் வராத இடத்தில் பேனாவைத் தொட வேண்டாம்.

பிறகு கூடுதலாக எத்தனை முறை வர வேண்டும், எவ்வளவு ரத்தம் எடுப்பார்கள், பயணச் செலவு யாருடையது, மிச்ச ரத்தத்தை வைத்திருந்து வேறு ஆய்வுக்கு எடுப்பார்களா என்று கேட்கலாம். பாதியில் விலகினால் சிகிச்சை கெடுமா என்பதையும் கேளுங்கள். கெடக்கூடாது என்பதுதான் விதி. ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் உண்டு. மருந்துச் சோதனைப் படிவத்தில் வாரிசுதாரர் பெயரைக் கேட்பதைப் பார்த்துப் பலர் பயந்துபோகிறார்கள். ஆய்வால் சாவு நேர்ந்தால் இழப்பீடு யாருக்கு என்பதற்காகத்தான் அது. அந்த இடம் காலியாக இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

படிவத்தில் இரண்டு தொடர்பு எண்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று ஆய்வை நடத்தும் மருத்துவருடையது, மற்றது நெறிமுறைக் குழுவுடையது. மருத்துவர் மீதே புகார் என்றால் இரண்டாவது எண்தான் உதவும். படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். வீட்டுக்கு எடுத்துப்போய்க் கலந்து பேசிவிட்டு வருகிறேன் என்று தயங்காமல் சொல்லலாம். “இப்பவே போடுங்க” என்று அவசரப்படுத்துவதே ஒரு பதில்.

நல்ல ஆய்வாளர் ஒன்று செய்வார். விளக்கி முடித்ததும், “நான் சொன்னதை நீங்க புரிஞ்சுக்கிட்டபடி எனக்குச் சொல்லுங்க” என்பார். “புரிஞ்சுதா?” என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள், திருப்பிச் சொல்லச் சொன்னால்தான் எங்கே புரியவில்லை என்று தெரியும். “புது மருந்து, கண்டிப்பா குணமாகும்னு சொன்னீங்க” என்று நோயாளி சொன்னால், விளக்கம் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கையெழுத்துப் போட்ட பின் ஒரு பிரதி உங்கள் கைக்கு வந்தாக வேண்டும். இந்தியாவில் நடக்கும் மருந்துச் சோதனைகளை ctri.nic.in என்ற அரசுத் தளத்தில் பதிவு செய்வது 2009 முதல் கட்டாயம். அந்தப் பிரதியில் உள்ள ஆய்வின் தலைப்பை அங்கே தேடிப் பார்க்க வீட்டில் இருக்கும் கல்லூரிப் பிள்ளைக்குப் பத்து நிமிடம் ஆகாது. தலைப்பு அங்கே இல்லையென்றால், நெறிமுறைக் குழுவின் எண்ணுக்கு அன்றே போன் போடலாம்.