சமமாக வந்தால் ஓட்டம் அறுந்துவிடும்

9, 4, 2, 10, 7, 8, 8, 1, 9. இந்த ஒன்பது எண்களுக்குள், இடைவிடாமல் ஏறி இறங்கி வரும் மிக நீளமான துண்டு எது? லீட்கோட் என்ற நிரல் பயிற்சித் தளத்தில் 978-ஆம் எண்ணுள்ள கணக்கு இதைத்தான் கேட்கிறது. விதி ஒன்றுதான். ஒரு ஏற்றத்துக்கு அடுத்து இறக்கம் வர வேண்டும், இறக்கத்துக்கு அடுத்து ஏற்றம் வர வேண்டும். நடுவில் எந்த எண்ணையும் தாண்டிப் போகக் கூடாது.

எண்களை மறந்துவிட்டு, பக்கத்துப் பக்கத்து எண்களுக்கு நடுவே என்ன நடக்கிறது என்று மட்டும் எழுதிப் பாருங்கள்: இறக்கம், இறக்கம், ஏற்றம், இறக்கம், ஏற்றம், சமம், இறக்கம், ஏற்றம். கணக்கின் எலும்புக்கூடு இவ்வளவுதான். 10 என்பது 11 ஆனாலும் 1000 ஆனாலும் விடை மாறாது. எது பெரியது, எது சிறியது என்பது மட்டுமே பேசுகிறது.

இப்போது இடமிருந்து வலமாக ஒரே நடையில் போவோம். 9 மட்டும் இருக்கையில் நீளம் 1. அடுத்து 4, இறக்கம். நீளம் 2. அடுத்து 2, மறுபடியும் இறக்கம். ஒழுங்கு கெட்டுவிட்டது. ஆனால் நீளம் 1-க்குப் போகாது. 4, 2 என்ற இரண்டும் தம்மளவில் ஒழுங்கான இறக்கம்தானே! கெட்டது அவற்றுக்கு முன்னால் நின்ற 9-ஓடு உள்ள தொடர்பு மட்டுமே. ஆகவே நீளம் 2-லிருந்து மறுபடி தொடங்குகிறது. பிறகு 10 வந்து 3, 7 வந்து 4, 8 வந்து 5.

இங்கேதான் இரண்டாவது 8 வருகிறது. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஒரே திசை இரண்டு முறை வந்தபோது கடைசி இரண்டு எண்களாவது நமக்கு மிஞ்சின. சமம் வரும்போது அந்த ஜோடியே செல்லாது. மிஞ்சுவது இரண்டாவது 8 ஒன்றுதான். நீளம் 1. அதற்குப் பின் 1 வர நீளம் 2, 9 வர நீளம் 3. ஆக, மிக நீளமான துண்டு 4, 2, 10, 7, 8. விடை 5.

முறிவுகள் இரண்டு வகை, அவை விழும் ஆழமும் வேறு வேறு. திசை திரும்ப வந்தால் 2, சமம் வந்தால் 1. இந்த வித்தியாசம் பிடிபட்டவருக்குக் கணக்கில் பெரிதாக வேறொன்றும் பாக்கி இல்லை. நிரலாக எழுதும்போது இரண்டு எண்ணிகள் வைத்துக்கொள்வதை நான் மிகவும் விரும்புகிறேன். ஒன்று ஏற்றத்தில் முடியும் துண்டின் நீளம், மற்றது இறக்கத்தில் முடியும் துண்டின் நீளம்.

```python
def longest(a):
    up = down = best = 1
    for x, y in zip(a, a[1:]):
        if x < y:
            up, down = down + 1, 1
        elif x > y:
            up, down = 1, up + 1
        else:
            up = down = 1
        best = max(best, up, down)
    return best
```

ஏற்றம் வந்தால், முந்தைய இறக்கத்தின் நீளத்தோடு ஒன்று கூடுகிறது. முந்தையதும் ஏற்றமாக இருந்திருந்தால் `down` ஏற்கெனவே 1-ல் நிற்கும், அதனால் `up` தானாகவே 2 ஆகிவிடும். 2-க்கு இறங்கும் விதியைத் தனியாக எழுத வேண்டியதே இல்லை.

`else` பகுதிக்கு அந்தச் சலுகை கிடையாது. சமம்தானே, ஒன்றும் செய்யாமல் விட்டுவிடலாம் என்று அந்த இரண்டு வரிகளையும் நீக்கிப் பாருங்கள். நிரல் ஓடும், பிழைச் செய்தி எதுவும் வராது. ஆனால் நம் பட்டியலுக்கு 5 என்று வர வேண்டிய விடை 7 என்று வரும். அந்த ஏழு எண்கள் எங்கிருந்து வந்தன? 4-இல் தொடங்கி, இரண்டு 8-களில் ஒன்றைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டு, கடைசி 9 வரை நிரல் எண்ணியிருக்கிறது. எண்களைத் தாண்டிப் போகலாம் என்று அனுமதிக்கும் 376-ஆம் கணக்குக்கு 7 சரியான விடை. இந்தக் கணக்குக்கு இல்லை.

ஏறி இறங்கும் வரிசைகளைப் பிரெஞ்சுக் கணித அறிஞர் தெசிரே ஆந்திரே 1879-லேயே ஆராய்ந்தார். அவர் எடுத்துக்கொண்டது 1 முதல் n வரையுள்ள எண்கள் ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை வரும் வரிசைகளை. அங்கே சமம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரே எண் திரும்ப வரக்கூடிய பட்டியலில்தான் இந்த மூன்றாவது நிலை முளைக்கிறது.

எழுதிய நிரலைச் சோதிக்க மூன்று சிறிய பட்டியல்கள் போதும். 4, 8, 12, 16 கொடுத்தால் 2 வர வேண்டும். 5, 7, 7, 6 கொடுத்தாலும் 2-தான், 3 வந்தால் சமத்தில் எண்ணிகள் 1-க்குத் திரும்பவில்லை என்று பொருள். 7, 7, 7 கொடுத்தால் 1. இதற்கு 2 என்று விடை வந்தால், இரண்டு வகை முறிவையும் நிரல் ஒன்றாகவே நினைத்துக்கொண்டிருக்கிறது.